மூன்று இழைச் செம்பு

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. மரச்சட்டத்தில் அடித்த பழைய அலுமினிய ஒயரிங். மீட்டருக்குப் பக்கத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். கத்திரி வெயில் தாங்காமல் சென்ற ஆண்டு ஒன்றரை டன் ஏ.சி. வாங்கி, பழைய லைனிலேயே இணைத்திருக்கிறார்கள். இரவு மோட்டாரோ இஸ்திரிப்பெட்டியோ சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். வந்த வயர்மேன் ஒயர்த் துண்டு ஒன்றைச் சீவி, மூன்று செம்பு இழைகளை முறுக்கிக் கட்டையில் மாட்டினார். அன்றிலிருந்து ஃபியூஸ் போகவே இல்லை. இதில் ஆபத்து ஏதும் உண்டா என்பது கேள்வி.

ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது சுவரில் ஓடும் ஒயரை. அந்த ஒயர் சூடாகிக் கெடும் முன்னால் மெல்லிய கம்பி உருகி மின்சாரத்தை அறுத்துவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆகவே கம்பியின் தடிமனில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தத் தடிமன் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். மின்தடை கால் பங்காகக் குறையும். அதே மின்னோட்டத்தில் உண்டாகும் வெப்பமும் கால் பங்குதான். அதே சமயம் வெப்பத்தைக் காற்றில் விடும் மேற்பரப்பு இரண்டு மடங்காகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், இரண்டும் சேர்ந்தால், கம்பியை உருக்க அந்த இருமடி முன்பைப்போல் எட்டு மடங்காக வேண்டியிருக்கிறது. அதாவது மின்னோட்டம் எட்டின் வர்க்கமூலமான 2.8 மடங்கு ஏற வேண்டும். 1880களில் பிரீஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பொறியாளர் சோதித்துக் கண்ட விதி இது. கண்ணுக்குக் கொஞ்சமே தடித்துத் தெரியும் கம்பி, வேலையில் முற்றிலும் வேறு கம்பியாகிவிடுகிறது.

கடையில் கிடைக்கும் 5 ஆம்பியர் ஈயம் பூசிய செம்புக் கம்பியின் விட்டம் 0.2 மில்லிமீட்டர், பிரீஸ் விதிப்படி அது சுமார் 7 ஆம்பியரில் உருகும். சாதாரண ஒயரின் ஓர் இழை 0.3 மில்லிமீட்டர், அதே விதிப்படி அது மட்டுமே 13 ஆம்பியர் வரை நிற்கும். மூன்றை முறுக்கினால் 35 ஆம்பியரை நெருங்கும்.

இனி சுவரில் ஓடும் ஒயரில் நடப்பதைப் பார்க்கலாம். அந்த 1.5 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஒயர் ஏறத்தாழ 10 ஆம்பியருக்கானது. அப்போது ஒவ்வொரு மீட்டரிலும் 2 வாட் வெப்பம் உண்டாகும். அது தானே ஆறிவிடும். ஏ.சி.க்கு 8, மோட்டாருக்கு 6, இஸ்திரிப்பெட்டிக்கு 4, மற்றவற்றுக்கு 2 என்று 20 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 8 வாட். போக வர இரண்டு ஒயர் என்பதால் 16 வாட். பி.வி.சி. உறை 70 டிகிரி வரை தாங்கும். வேலூர்ப் பக்கத்து மே மாதத்தில் தளத்தை ஒட்டிய ஒயர் மின்சாரம் ஓடாமலே 45 டிகிரியில் இருக்கக்கூடும் என்பதால், சூடாக மிஞ்சும் இடம் 25 டிகிரிதான். மூன்று இழைக் கம்பி இதை உணர்வதே இல்லை. உறை இரவுக்கு இரவு காய்ந்து, நொறுங்கி, ஒரு நாள் இரண்டு ஒயரும் தொட்டுக்கொள்ளும். அந்த வீட்டின் உண்மையான ஃபியூஸ் இப்போது சுவரில் இருக்கிறது.

ஃபியூஸுக்குப் பதிலாக மாட்டும், தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. இதே காவலை இன்னும் நெருக்கமாகச் செய்கிறது. அதனுள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி மெல்ல வளைந்து கொக்கியை விடுவிக்கும்; 10 ஆம்பியர் எம்.சி.பி. 14.5 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். ஷார்ட் ஆனால் தகடுக்குக் காத்திராமல், பக்கத்தில் உள்ள காந்தச் சுருள் நொடியின் நூறில் ஒரு பங்கில் இழுத்துவிடும். ஆனால் அடிக்கடி விழுகிறதே என்று அதே ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டுகிறவர், மூன்று இழை முறுக்கிய வேலையைத்தான் கூடுதல் செலவில் செய்கிறார்.

ஆயுத பூஜையன்று மெயின் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே கட்டையைக் கழற்றிப் பார்க்கலாம் என்பது என் ஆசை. பீங்கான் பழுப்பேறியிருந்தாலும், சுவிட்ச் போர்டில் கருகிய வாடை வந்தாலும், ஒயர் உறை வளைத்தால் விரிசல் விட்டாலும் சூடு ஏற்கெனவே வேலை செய்திருக்கிறது.

குடியாத்தம் வீட்டுக்கு என் பதில் இது: உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு ஏ.சி.க்கு மெயினிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்து 20 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள், மோட்டாருக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் வேறு லைன் கொடுங்கள். பழைய லைனில் விளக்கும் மின்விசிறியும் மட்டும் இருக்கட்டும். அதன் உறை இன்னும் நன்றாக இருந்தால் 6 ஆம்பியர் எம்.சி.பி. போதும். அதுவரை ஏ.சி.யை ஓட்டாமல், அந்த மூன்று இழையை இன்றே கழற்றிவிட்டு 5 ஆம்பியர் கம்பியை மாட்டச் சொல்லுங்கள்.