சர்வேல கேள்விய விட ஆப்ஷன்தான் ஆளக் கவுத்துது

எங்கிட்ட சர்வே ஃபார்ம் செக் பண்ணக் கொண்டு வார காலேஜ் பிள்ளைகளும் சரி, தொண்டு நிறுவனத்துக்காரங்களும் சரி, கேள்வியத்தான் திருப்பித் திருப்பி எழுதுவாங்க, ஆப்ஷன் எல்லாம் கடைசி நாள் ராத்திரி உக்காந்து தட்டி விட்டதாத்தான் இருக்கும். சமீபத்துல வந்தது முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துத பொம்பளைங்கள பத்தின ஃபார்ம். அதுல மூணு கேள்விய மட்டும் இங்க பிரிச்சுப் போடுதேன்.

முதல் கேள்வி இது: "தாங்கள் தினமும் சராசரியாக எத்தனை மணி நேரம் பீடி சுற்றும் பணியில் ஈடுபடுகிறீர்கள்?" ஆப்ஷன் 1–2, 2–4, 4–6, 6-க்கு மேல்.

நாலு மணி நேரம்னு ஒரு அக்கா சொன்னா எதுல டிக் அடிக்க? ரெண்டாவதுலயும் நாலு இருக்கு, மூணாவதுலயும் நாலு இருக்கு. முக்கூடலுக்குப் போன பையன் ஒண்ணுல அடிப்பான், ஆலங்குளத்துக்குப் போன பிள்ளை இன்னொண்ணுல அடிக்கும், கடைசில ரிப்போர்ட்ல "ஆலங்குளத்துப் பெண்கள் அதிக நேரம் உழைக்கிறார்கள்"னு வரும், பாத்தா அது ரெண்டு ஊருக்கு உள்ள வித்தியாசமே கிடையாது, டிக் அடிச்ச ரெண்டு பேருக்கு உள்ள வித்தியாசம். அடுத்து, முழுநேரமா சுத்துதவங்க அம்புட்டு பேரும் "6-க்கு மேல்"ல போய் விழுந்துருவாங்க. ஏழு மணி நேரமும் பதினோரு மணி நேரமும் ஒரே பெட்டில கிடந்தா அப்புறம் அதைப் பிரிக்க வழியே இல்ல.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுத கோளாறு. தெரியாதது ஒண்ணு இருக்கு. 1985-ல ஜெர்மனில உளவியல் ஆராய்ச்சியாளர் நார்பெர்ட் ஷ்வார்ஸும் அவரு கூட்டாளிகளும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் டிவி பாக்கிறீங்கன்னு ஒரே கேள்விய ரெண்டு விதமான ஆப்ஷனோட கேட்டாங்க. ஒரு பட்டியல் அரை மணி நேரத்துல ஆரம்பிச்சு "ரெண்டரை மணிக்கு மேல்"ல முடியுது, இன்னொண்ணு "ரெண்டரை மணி வரை"ல ஆரம்பிச்சு "நாலரை மணிக்கு மேல்" வரை போகுது. முதல் பட்டியலைப் பாத்தவங்கள்ல ரெண்டரைக்கு மேல பாக்கேன்னு சொன்னது 16 சதவீதம் போல, ரெண்டாவதைப் பாத்தவங்கள்ல அது 37 சதவீதத்துக்கு மேல. நாம போட்டுருக்க பட்டியலோட நடுப்பகுதிதான் ஊரு உலகத்து வழக்கம் போலன்னு ஆளுங்க நினைச்சுக்கிடுதாங்க, தன்னைய அதுக்குப் பக்கத்துல கொண்டு வைக்காங்க. ஆக 1–2ல ஆரம்பிக்கிற பட்டியலே உழைப்பு நேரத்தைக் குறைச்சுக் காட்டும்.

அப்ப என்ன செய்யன்னா, இந்தக் கேள்விக்கு ஆப்ஷனே வேண்டாம். பீடி சுத்துதவங்க மணிக்கணக்குப் பாக்கதில்ல. சொளவ மடில வச்சுக்கிட்டு சுத்துவாங்க, குழாய்ல தண்ணி வந்தா எந்திரிச்சுப் போவாங்க, உலைய எறக்கி வச்சுட்டு மறுபடி உக்காருவாங்க. "மணி எல்லாம் யாரு தம்பி பாத்தா"ன்னுதான் சொல்லுவாங்க. ஆனா பீடிக் கணக்கக் கேளுங்க, டக்குனு வரும், ஏன்னா துட்டு அதுக்குத்தான். அதனால இப்பிடி மாத்துனோம்: "கடைசியா கடைக்குப் போன அன்னைக்கு எத்தனை பீடி குடுத்திய? அதைச் சுத்த எத்தனை நாளாச்சு? உங்களத் தவிர எத்தனை பேரு கூடச் சேந்து சுத்துனாவ?" சராசரின்னு கேட்டா மனசுக்குள்ள கணக்குப் போடணும், கடைசித் தடவைன்னு கேட்டா ஞாபகத்துலருந்து அப்பிடியே சொல்லிரலாம். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், கணக்கு ஒருத்தர் பேருலதான் இருக்கும், சுத்துத கை வேறயும் இருக்கும். இதையே "பிள்ளைகளையும் பீடி சுத்த வைக்கிறீங்களா"ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு வீட்டுலயாவது ஆமான்னு சொல்லுவாங்களா!

நம்பரை நம்பராவே ஏத்துங்க, ரகம் பிரிக்கதை அப்புறம் ஷீட்ல பாத்துக்கலாம், பீடி எண்ணிக்கை C2ல இருந்தா இப்பிடி:

```
=IF(OR(C2="",C2<0),"",IFS(C2<500,1,C2<1000,2,C2>=1000,3))
```

முன்னால உள்ள அந்த IF எதுக்குன்னா, வெறும் செல்ல ஷீட் சைபரா எடுத்துக்கிட்டு ஐநூறுக்குக் கீழன்னு சேத்துரும், பதிலே சொல்லாதவங்க எல்லாம் கம்மியா சுத்துதவங்களா மாறிருவாங்க. அதே மாதிரி "தெரியாது"க்கு 999 போடுத பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. வயசு கேக்குத இடத்துல அது பிரச்சினை இல்ல, 999 வயசு யாருக்கும் கிடையாது. பீடி எண்ணிக்கைல 999ங்கிறது நிஜமாவே வரக்கூடிய நம்பர்லா. இங்க -9 போடுங்க, அதுவும் ஐநூறுக்குக் கீழ போய் விழாம இருக்கத்தான் மேல C2<0 சேத்தது, ஆவரேஜ் எடுக்கும்போது அதை மறக்காம நீக்குங்க.

ரெண்டாவது கேள்வி, "கூலியும் ஏஜெண்ட் நடத்தும் விதமும் திருப்தியாக உள்ளது", அஞ்சு ஆப்ஷன், முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்ல ஆரம்பிச்சு. கூலி பத்தல ஆனா ஏஜெண்ட் தங்கமான மனுசன்னா எதுல டிக்? ரெண்டாப் பிரிச்சே ஆகணும். பிரிச்சாலும் நம்ம ஊருல வீடு தேடி வந்த ஆளுகிட்ட யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, "ஆமாய்யா, நல்லாத்தான் இருக்கு"ன்னு முடிச்சிருவாங்க, அதுலயும் ஏஜெண்டோட சொந்தக்காரங்க யாராவது திண்ணைல உக்காந்திருந்தா கேக்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தா சோதிச்சுப் பாக்கலாம், இன்னொரு இடத்துல "கூலி பத்தல"ன்னு தலைகீழா ஒரு வரி போடுங்க, ரெண்டுக்கும் ஆமான்னு சொன்ன ஆளு எத்தனைன்னு எண்ணுங்க.

இன்னொண்ணு, அஞ்சு ஆப்ஷனையும் வாயால வாசிச்சுக் காட்டுனா கடைசில கேட்டதுதான் காதுல நிக்கும். அதனால ரெண்டு படியாக் கேட்டோம். முதல்ல "கூலி திருப்தியா, திருப்தி இல்லையா, ரெண்டுங்கெட்டானா?" அப்புறம் "ரொம்பவா, கொஞ்சமா?" ஷீட்ல சேக்கும்போது அதே அஞ்சு ரகம் வந்துரும். ஏஜெண்ட் பத்தி அபிப்பிராயமே கேக்கல, "கடைசித் தடவை கழிவுன்னு எத்தனை பீடிய ஒதுக்குனாவ, அதுக்குத் துட்டு குடுத்தாவளா"ன்னு நடந்ததக் கேட்டோம். என் அனுபவத்துல இதுலருந்துதான் உண்மையான பதில் கிடைக்கும்.

மூணாவது உடம்புக் கோளாறு பத்தி, எத்தனை வேணாலும் டிக் பண்ணலாம்னு. ஆப்ஷன்ல ஒண்ணு "கை, கழுத்து வலி". கூகுள் ஃபார்ம்ஸ்ல செக்பாக்ஸ் போட்டா ஒருத்தர் டிக் பண்ணுன எல்லாமே ஒரே செல்லுல கமா போட்டு வரிசையா வந்து விழும். பிரிக்கலாம்னு கமாவ வச்சு உடைச்சா "கை" தனியா "கழுத்து வலி" தனியாப் போயிரும். உடைக்காம `=COUNTIF(D:D,"*வலி*")`ன்னு எண்ணுனா இடுப்பு வலியும் தலைவலியும் சேந்து வரும். ஆப்ஷனுக்குள்ள கமாவே கூடாது, ஒரு ஆப்ஷன்ல ரெண்டு நோவும் கூடாது. கோபோடூல்பாக்ஸ்ங்கிற சர்வே ஆப்ல எடுத்தா இந்தத் தலைவலி கம்மி, ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் தனி நெடுவரிசைல 0, 1னு எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம்.

அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. டிக் இல்லன்னா வலி இல்லையா, இல்ல அந்தக் கேள்வியையே கேக்கலையா? அதனால பட்டியல வாசிச்சு டிக் அடிக்காம "போன ஒரு மாசத்துல கழுத்து வலி இருந்துச்சா, இருமல் இருந்துச்சா"ன்னு ஒவ்வொண்ணா ஆமா/இல்லன்னு கேக்க வச்சோம். நேரம் கூடத்தான் ஆகும். ஆனா மொத ரெண்டு மூணு டிக்கோட நிறுத்திக்கிடுத பழக்கம் இதுல நடக்காது, விட்டுப்போன கேள்வியும் வெறும் செல்லா பளிச்சுனு தெரிஞ்சிரும்.

ஃபீல்டுக்குப் போன பொறவு ஆப்ஷன்ல ஒரு எழுத்தக்கூட திருத்தாதீங்க. "இருமல்"ங்கிறத பாதில "வறட்டு இருமல்"னு மாத்துனா ஷீட்ல பழசு பழசாவே கிடக்கும், புதுசு புதுசா வரும், ரெண்டும் வேற வேற நோவா நிக்கும். திருத்தியே ஆகணும்னா எந்தத் தேதில மாத்துனதுன்னு குறிச்சு வச்சுட்டு, அதுக்கு முன்னால உள்ளதத் தனி டேபிளாக் காட்டுங்க.