ரீஃபண்ட் பணம் எங்கே நிற்கிறது?

என் அக்கா 2025 ஜனவரி 18 அன்று இணையத்தில் ஒரு மிக்சி வாங்கினாள். விலை 4,299 ரூபாய், கிரெடிட் கார்டில் கட்டினாள். ஜாரின் அடியில் ஒழுகியதால் திருப்பி அனுப்ப, பிப்ரவரி 3 திங்களன்று ஆள் வந்து எடுத்துப் போனார். பணம் அவள் கணக்கில் விழுந்தது பிப்ரவரி 21 அன்று. கட்டும்போது இரண்டு விநாடியில் போன பணம் திரும்பி வர 18 நாள். "நடுவில் யாரோ நம் பணத்தை வைத்து வட்டி பார்க்கிறார்கள்" என்றாள். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் பணம் எங்கெங்கே நின்றது என்று பின்தொடர்ந்து பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது.

முதலில் அந்த இரண்டு விநாடியைப் பார்க்க வேண்டும். நாம் கார்டு எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்ததும், கார்டு தந்த வங்கியிடம் ஒரு கேள்வி போகிறது: இந்தக் கார்டில் 4,299 ரூபாய்க்கு இடம் இருக்கிறதா? வங்கி "இருக்கிறது" என்று சொல்லி அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. அவ்வளவுதான். கடைக்கு அப்போது ஒரு பைசாகூடப் போவதில்லை. வங்கி கொடுத்தது ஒரு வாக்கு. பணம் பின்னால், நாள் முடிவில் தொகுக்கப்படும் கணக்குக் கோப்புகள் வழியாக நகர்கிறது. கடைக்காரர் கையில் அது சேர ஓரிரு வேலை நாள் ஆகும். அந்தக் காத்திருப்பு நம் கண்ணில் படுவதில்லை. பொருள் கைக்கு வருவது உறுதியாகிவிட்டதால் நாம் அதைப் பற்றி யோசிப்பதும் இல்லை.

ரீஃபண்டில் பெரும்பாலும் அந்த முன்வாக்கு கிடையாது, கோப்பு மட்டும்தான் நகர்கிறது. ரீஃபண்டுக்கும் முன்கூட்டியே தகவல் அனுப்பும் முறையை விசா, மாஸ்டர்கார்டு வலைப்பின்னல்கள் கொண்டுவந்திருக்கின்றன. அது வந்த இடங்களில் "வரவிருக்கிறது" என்று செயலியில் தெரியும். அது இல்லாத இடத்தில், கோப்பு வந்து சேரும்வரை கார்டு தந்த வங்கிக்கு அப்படி ஒரு ரீஃபண்ட் இருப்பதே தெரியாது. வாடிக்கையாளர் சேவையில் "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்று சொல்வது அப்போது பொய்யல்ல.

அக்காவின் பணம் அதிக நாள் நின்றது கடையில்தான். எடுத்துப் போன மிக்சி கிடங்குக்குப் போய், ஒருவர் பிரித்துப் பார்த்து, "திரும்பப் பெற்றோம்" என்று பதிந்த பிறகே கடையின் மென்பொருள் ரீஃபண்டைத் தொடங்கும். அது பிப்ரவரி 10 ஆனது. அன்றே "உங்கள் ரீஃபண்ட் தொடங்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. கடைக்கும் வங்கிகளுக்கும் நடுவே நின்று இணையக் கட்டணங்களைக் கையாளும் நிறுவனத்துக்கு பேமென்ட் கேட்வே என்று பெயர். கடை தன் கேட்வேயிடம் கோரிக்கை வைத்துவிட்டது என்பதே அந்தச் செய்தியின் பொருள். பணம் புறப்பட்டுவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது.

கேட்வே அந்தப் பணத்தைத் தன் பையிலிருந்து தராது. கடைக்குச் சேர வேண்டிய அடுத்த விற்பனைத் தொகையில் அதைக் கழித்துக்கொள்ளும். கழிக்கப் போதுமான தொகை கடையின் கணக்கில் இல்லையென்றால் கோரிக்கை வரிசையில் காத்திருக்கும். பண்டிகை விற்பனை முடிந்து, திருப்பி அனுப்புதல்கள் குவிந்து, புதிய விற்பனை மந்தமாக இருக்கும் நேரத்தில் சிறு கடைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். எங்கள் விஷயத்திலும் பொங்கல் விற்பனை முடிந்திருந்தது. 10 முதல் 13 வரை கோரிக்கை அங்கேயே கிடந்தது.

அடுத்தது கடைக்காகக் கார்டுப் பணத்தை வசூலிக்கும் வங்கி. அக்வயரர் என்பது இதன் பெயர். ஒரு நாளின் ரீஃபண்டுகளை எல்லாம் கோப்பாகக் கட்டி, கார்டு வலைப்பின்னல் வழியே அந்தந்த வங்கிகளுக்கு அனுப்புவது இதன் வேலை. அன்றைய நேர வரம்பு தாண்டினால் அடுத்த நாள் கோப்பு. வார இறுதி குறுக்கிட்டால் இன்னும் தள்ளும். இங்கே தாமதம் சிறியதுதான். ஆனால் நமக்கு மிகவும் உதவும் ஒன்று இங்குதான் பிறக்கிறது: அந்த ரீஃபண்டை அடையாளம் காட்டும் ஏ.ஆர்.என். என்ற 23 இலக்க எண்.

கடையிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது கொடுத்தார்கள். அதன் 2 முதல் 7 வரையுள்ள ஆறு இலக்கம் அக்வயரரின் அடையாளம். 8 முதல் 11 வரை தேதி: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. அக்காவின் எண்ணில் அந்த இடத்தில் 5045 இருந்தது. 2025-ன் 45-வது நாள், அதாவது பிப்ரவரி 14, வெள்ளி. எஸ்.எம்.எஸ். சொன்ன 10-ஆம் தேதிக்கும் பணம் உண்மையில் புறப்பட்ட நாளுக்கும் இருந்த இடைவெளி அதில் அப்படியே தெரிந்தது. கடையால் இந்த எண்ணைத் தர முடியவில்லை என்றால், பெரும்பாலும் பணம் இன்னும் கடையின் பக்கம்தான் நிற்கிறது. வங்கியை அழைத்துப் பயனில்லை. எண் இருந்தால் கடையை விட்டுவிட்டு வங்கியைப் பிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 17 திங்களன்று கோப்பு அக்காவின் வங்கிக்கு வந்திருக்கிறது. வழக்கமாக இங்கே ஓரிரு நாளில் வரவு வைத்துவிடுவார்கள். அக்காவோ ஜனவரி கடைசியில் கார்டைத் தொலைத்துவிட்டு வேறு எண்ணில் புதுக் கார்டு வாங்கியிருந்தாள். கோப்பில் இருந்தது பழைய எண். வங்கியின் மென்பொருள் அதைப் புது எண்ணோடு சேர்க்கவில்லை. உரிமையாளர் தெரியாத வரவுகளை வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் பணம் போய் உட்கார்ந்துவிட்டது. 20-ஆம் தேதி அவள் அழைத்தபோது, புதுக் கார்டின் பதிவைப் பார்த்து "எதுவும் இல்லை" என்றார்கள். ஏ.ஆர்.என். சொல்லித் தேடச் சொன்ன பிறகு கிடைத்தது. மறுநாள் வரவு விழுந்தது.

இந்த 18 நாளுக்கு இழப்பீடு உண்டா என்று அக்கா கேட்டாள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதியைத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள்: 5 நாளுக்குள் பணம் திரும்பாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். அது தோற்றுப்போன பரிமாற்றங்களுக்கானது. பணம் கழிந்தும் கடைக்கு உறுதி போகாத நிலைமைக்கு. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்ததற்கு அது பொருந்தாது. இந்த வித்தியாசம் தெரியாமல் புகார் எழுதி நாள் கடத்துகிறவர்கள் நிறையப் பேர்.

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பிப்ரவரி 2-ஆம் தேதி வந்த பில்லில் மிக்சியையும் சேர்த்து 11,850 ரூபாய். கட்டக் கடைசி நாள் 22. கார்டு நிறுவனங்களுக்கான 2022-ஆம் ஆண்டு விதிப்படி, கடைசி நாளுக்கு முன், இன்னும் கட்டாத தொகைக்கு ரீஃபண்ட் வந்தால், வங்கி அதைக் கட்ட வேண்டிய தொகையில் உடனே கழித்து நமக்குத் தெரிவிக்க வேண்டும். 21-ஆம் தேதி விழுந்ததால் அவள் 7,551 ரூபாய் கட்டினால் போதும் என்றானது. இரண்டு நாள் தள்ளி 23-ல் விழுந்திருந்தால், முழு 11,850-ஐயும் கட்டியிருக்க வேண்டும்; ரீஃபண்ட் பிறகு கார்டில் வரவாக நிற்கும். "எப்படியும் வரப்போகிறதே" என்று 4,299-ஐக் குறைத்துக் கட்டியிருந்தால், வங்கியின் கணக்கில் அது பாக்கி, அதற்கு வட்டியும் ஓடத் தொடங்கியிருக்கும்.