உள்ளே தங்கிவிடும் மூச்சு

நாம் 'மூச்சு வாங்குகிறது' என்று சொல்கிறோம். ஆனால், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சிஓபிடியில் சிக்கல் பெரும்பாலும் மூச்சை விடுவதில்தான் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் பீடி புகைத்த என் தந்தை அதை விட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் படியேறத் திணறினார். புகையை நிறுத்தினால் நுரையீரல் மேலும் தேயும் வேகம் குறையும். சிதைந்த காற்றறைகள் மட்டும் மீள்வதில்லை.

அந்த அறைகளின் மீள்தன்மைதான் சிறு காற்றுக்குழாய்களைச் சுற்றிலும் இழுத்துத் திறந்து வைத்திருக்கிறது. அது போய்விட்டால், மூச்சை வெளிவிடும்போது குழாய்கள் அமுங்கி, காற்று உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. வேகமாக நடக்கும்போது, பழைய காற்று வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுவதால், மார்பு ஊதியபடியே நின்று, உதரவிதானம் தட்டையாகி, புதிய காற்றுக்கு இடமில்லாமல் போகிறது.

உதட்டைக் குவித்து ஊதும் பயிற்சி இங்கேதான் பயன்படுகிறது. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல, குவித்த உதடுகள் வழியே நான்கு எண்ணும் வரை விட வேண்டும். உதட்டில் ஏற்படும் தடை குழாய்களுக்குள் சிறிது அழுத்தத்தை நிலைநிறுத்தி, அவை மூடாமல் காக்கிறது. அப்பா படியில் நின்று மூச்சை இழுப்பார். ஊதிக்கொண்டே அடுத்த இரண்டு படிகளை ஏறுவார்.

இன்ஹேலர் மருந்து குழாய்த் தசைகளைத் தளர்த்தி அதே வழியை அகலப்படுத்துகிறது. ஆனால், அழுத்தி அடிக்கும் இன்ஹேலரை நன்கு குலுக்கி, மூச்சை முழுதும் விட்டபின், மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். கேப்ஸ்யூல் போடும் தூள் இன்ஹேலரையோ வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும், ஏனெனில் தூளைக் கலைப்பது நம் மூச்சின் வேகம்தான். அப்பா இரண்டையும் ஒரே மாதிரி மெதுவாக இழுத்துவந்தார். பயன்படுத்திய கேப்ஸ்யூலில் பாதித் தூள் அப்படியே இருந்ததைப் பார்த்த பிறகுதான் மருந்து 'வேலை செய்யாத' காரணம் எங்களுக்குப் புரிந்தது. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால், பின்னர் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். இல்லையென்றால் வாயில் வெண்பூஞ்சை படரக்கூடும்.

நோய் திடீரென முற்றுவதற்குச் சளிக்காய்ச்சலும் புகையுமே முக்கியக் காரணங்கள். ஆகவே அப்பா ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வார். போகிக் காலையில் சன்னல்கள் மூடியிருக்கும். கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் வீட்டில் இல்லை. வழக்கத்தைவிட மூச்சுத்திணறல் கூடினாலோ, சளி அதிகரித்தாலோ, அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, அன்றே மருத்துவரிடம் போய்விடுவோம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத திணறலும், உதடு நீலமாவதும், காரணமில்லாத தூக்கமும் குழப்பமும் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டிய அறிகுறிகள். அந்தத் தூக்கத்தைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. வெளியேற முடியாத கரியமில வாயு இரத்தத்தில் ஏறுவதாலும் அது வரலாம். ஆக்சிஜனை அளவின்றிக் கொடுத்தால் அந்த வாயு மேலும் ஏறக்கூடும் என்பதால், மருத்துவர்கள் இந்நோயாளிகளின் இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவைப் பொதுவாக 88 முதல் 92 விழுக்காட்டிற்குள் வைக்கிறார்கள்.