தேக்காவில் எடுத்த படத்தை விற்பதற்கு முன்

ஸ்டாக் தளங்களில் படம் விற்க விரும்புவோரின் தொகுப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்: தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவின் வண்ணச் சுவரோவியம். விற்பதற்கு மிகவும் சிக்கலான படமும் அதுவே.

சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பங்களையும் கட்டடங்களையும் படம்பிடிக்க விலக்கு அளிக்கிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. படத்தை எடுத்தவர் நீங்கள்தான். ஆனால் படத்துக்குள் இருக்கும் ஓவியம் வேறொருவருடையது. அதைக் குவளையிலோ சட்டையிலோ அச்சிட்டு விற்றால், அந்த ஓவியரின் படைப்பைப் பிரதி எடுத்து விற்பதாகிவிடும். ஓவியர் எழுத்தில் ஒப்புதல் தராதவரை அந்தப் படத்தை விளம்பர உரிமத்தில் ஏற்றாதீர்கள்.

அண்மையில் ஒரு தாதி தம் படங்களைக் கொண்டுவந்தார். சுவரோவியத்தை ஒதுக்கியபின் மிஞ்சியதில் சிறந்தது பூக்கடைப் படம்: மல்லிகைச் சரம் தொடுக்கும் அம்மா, பின்னால் கடைப் பலகை, அதில் தொலைபேசி எண். முகம் தெளிவாகத் தெரிவதால், விளம்பரப் பயன்பாட்டுக்கு அந்த அம்மாவின் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். "கையெழுத்தெல்லாம் வேண்டாம் தம்பி" என்று அவர் என்னிடமே மறுத்துவிட்டார். அது அவருடைய உரிமை, வற்புறுத்தக் கூடாது.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று ஏற்றுவது. ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்களில் அதற்கு இடமும் தேதியும் முன்னால் வரும் விவரக்குறிப்பு எழுத வேண்டும்:

`SINGAPORE - OCT 12, 2025: Flower seller stringing jasmine in Little India`

இவ்வகைப் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதால் வாங்குவோர் குறைவு. இன்னொரு வழி, அந்த அம்மாவின் சம்மதத்தோடு விரல்களையும் நூலையும் பூவையும் மட்டும் நெருக்கமாக எடுப்பது. பச்சை குத்தியிருந்தால், அல்லது ஆளை அடையாளம் காட்டும் மோதிரம் இருந்தால், அப்போதும் படிவம் தேவைப்படலாம். அவை இல்லாத கோணத்தில், பலகையும் தெரியாமல் தாதி எடுத்தார். அந்தப் படம் ஏற்கப்பட்டது.

ஆனால் அந்தத் தாதியிடம் இருந்த உண்மையான சரக்கு வேறு. புள்ளி வைத்து அவரே போட்ட கோலங்கள் ஒரு நோட்டு நிறைய இருந்தன. புள்ளிக் கோலம் என்பது பொது மரபு. அவர் வரைந்த வரைவு அவருடையது. (இணையத்தில் இன்னொருவர் வரைந்து வைத்ததை அப்படியே நகலெடுப்பது வேறு கதை, அது கூடாது.) யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பாக வரைந்தால் ஸ்டாக் தளத்துக்கும், ஆர்டர் வந்தபின் அச்சிட்டு அனுப்பும் தளத்துக்கும் அதுவே போதும்.

துணிக்கும் குஷன் உறைக்கும் கோலம் தொடர்ந்து ஓட வேண்டும். சதுரத்தின் வலது விளிம்பில் வெட்டுப்படும் கோடு இடது விளிம்பில் அதே உயரத்தில் தொடர வேண்டும். மேலும் கீழும் அப்படியே. நான்கு பிரதிகளை இரண்டுக்கு இரண்டாக ஒட்டிப் பார்த்தால், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடோ உடைந்த வளைவோ இருப்பது உடனே தெரியும். திரையில் அழகாகத் தெரிவதை நம்பக் கூடாது. 45 செ.மீ. குஷன் உறைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஒரு பக்கத்துக்குச் சுமார் 5,300 பிக்சல் வேண்டும். கைப்பேசியில் எடுத்த கோலப் படத்தை அப்படியே ஏற்றினால் அச்சில் கோடுகள் மங்கிப்போவது இதனால்தான்.

வருமானத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். அடோபி ஸ்டாக் படங்களுக்கு 33 விழுக்காடு உரிமத்தொகை தருகிறது. சந்தா வைத்திருப்பவர் வாங்கினால் அது பெரும்பாலும் சில பத்து சென்ட்தான். பணத்தை எடுக்க 25 அமெரிக்க டாலர் சேர வேண்டும். விற்பனைக்கு 33 சென்ட் என்று வைத்தால் 76 விற்பனை. புதியவருக்கு அது பல மாதங்கள் ஆகலாம்.

இந்தத் தளங்கள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தில் பலர் சறுக்குகிறார்கள். இந்தியாவிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்து, `W-8BEN` என்ற அந்தப் படிவத்தில் 15 விழுக்காடு மட்டும் வரி என்ற சலுகையை எழுதிவிடுகிறார்கள். அது இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தின்படி, இந்தியாவில் வரி வசிப்பிடம் கொண்டவர்களுக்கான சலுகை. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது இங்கே முடிவு செய்வதில்லை. வரி வசிப்பிடமே முடிவு செய்கிறது. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் அத்தகைய வருமான வரி ஒப்பந்தம் இல்லை. எனவே இங்கு வரி வசிப்பிடம் கொண்டவருக்கு, அமெரிக்காவில் நடந்த விற்பனைக்கான உரிமத்தொகையில் 30 விழுக்காடு பிடிக்கப்படும். ஒப்பந்தப் பகுதியை வெறுமையாக விட வேண்டும்.

தீபாவளிக் கோலங்களை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே ஏற்றிவிடுங்கள். வடிவமைப்பாளர்கள் பண்டிகைக்குச் சில மாதங்கள் முன்பே படம் தேடத் தொடங்குகிறார்கள்; அக்டோபரில் ஏற்றினால் அடுத்த ஆண்டுக்குத்தான்.