ஃபிரீசரில் பச்சை, மேசையில் கறுப்பு: கறிவேப்பிலைக்குள் நடப்பது என்ன?

ஸ்காபரோவில் இருக்கும் என் பெறாமகள் போன கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தாள். தட்டு நிறையக் கறுத்துச் சுருண்ட இலைகள். கீழே ஒரு கேள்வி: "சித்தி, ஃபிரீசரிலயிருந்து எடுக்கேக்க பச்சையாத்தான் இருந்தது. வெங்காயம் வெட்டி முடிக்கிறதுக்குள்ள இப்படி ஆயிட்டுது. கொத்தமல்லி இன்னும் மோசம், கூழாய்ப் போச்சு. நான் என்ன பிழை விட்டனான்?"

இங்கே உப்புவெளியில் எனக்கு இந்தக் கவலை இல்லை, கிணற்றடியில் மரம் நிற்கிறது. ஆனால் அவள் கேட்டது நல்ல கேள்வி. அதனால் ஒரு கொத்தைப் பிடுங்கி இரண்டு நாள் உறைய வைத்து, இன்று காலை ஒரேயொரு இலையை வெள்ளைத் தட்டில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் இலையின் மேல் மெல்லிய வெண்பூச்சு, பிறகு அது உருகி ஈரம், பிறகு பச்சை மங்கியது. ஓரத்திலும் நடு நரம்பின் இரண்டு பக்கத்திலும் கறுப்புத் தொடங்கி மெல்ல உள்ளே பரவியது.

பிடுங்கிய இலையும் உயிரோடுதான் இருக்கிறது, சுவாசிக்கிறது, நீரை இழக்கிறது, குளிரில் இதெல்லாம் மெதுவாகிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்த கதை உறையும்போதுதான் தொடங்குகிறது. பனிக்கட்டி முதலில் கலத்துக்குள் உருவாவதில்லை, கலங்களுக்கு இடையில் இருக்கும் நீரில்தான் உருவாகிறது. உருவானதும் அது பக்கத்துக் கலங்களிலிருந்து நீரை உறிஞ்சி உறிஞ்சித் தன்னைப் பெருப்பிக்கிறது. கலம் வற்றிச் சுருங்குகிறது, பனிப் பளிங்கின் விளிம்பு மென்சவ்வுகளைக் கிழிக்கிறது. மெதுவாக உறைந்தால் பளிங்குகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. கற்கண்டு அப்படித்தானே விளைகிறது, பாகை ஆட்டாமல் நாள்கணக்கில் விட்டால் பெரிய கட்டி, சட்டென்று காய்ச்சிக் கிளறினால் பொடிச் சீனி. வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18 பாகையில்தான் வேலை செய்கிறது. அதில் பெரிய இலைக்கட்டு ஒன்றை அப்படியே திணித்தால் நடுவில் உள்ள இலைகள் மெதுவாகத்தான் உறையும், அங்கேதான் சேதம் கூட.

சரி, சவ்வு கிழிந்தால் ஏன் கறுக்க வேண்டும்? இலைக்குள் இரண்டு பொருள்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பீனோல் வகைச் சேர்மங்கள் கலத்தின் நீர்ப்பையான புன்வெற்றிடத்தில், பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணியில். உயிருள்ள இலையில் இவை பெரும்பாலும் சந்திப்பதில்லை. சவ்வு கிழிந்த இலையில் இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை. ஆனாலும் உறைந்திருக்கும் வரை நீர் திண்மமாக இருப்பதால் அசைய முடியாது, அந்தக் குளிரில் நொதியமும் ஏறக்குறைய நின்றே போய்விடுகிறது. மேசையில் வைத்ததும் பனி உருகுகிறது, இரண்டும் கலக்கின்றன, காற்றில் ஒட்சிசன் தாராளம். வெட்டிய கத்தரிக்காயும் வாழைப்பொத்தியும் கறுப்பதும் இதே வேலையால்தான். பெறாமகள் இலையை உறைய வைத்ததில் பெரிய பிழை இல்லை, உருக விட்டதுதான் பிழை. உறைந்த கறிவேப்பிலை ஃபிரீசரிலிருந்து நேரே கொதிக்கும் எண்ணெய்க்குப் போக வேண்டும். அந்தச் சூட்டில் நொதியம் சில நொடிகளில் செத்துவிடும், கறுக்க நேரமே கிடைக்காது. பனித்துகள் எண்ணெயில் பட்டுத் தெறிக்கும், ஆகவே இலையைப் போட்ட கையோடு தாச்சியை மூடுங்கள்.

அப்புறம் வாசனை. ஒரு கறிவேப்பிலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தினாற்போல ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். தேசிக்காய் இலையிலும் இதே புள்ளிகள் உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். (எலுமிச்சைக் குடும்பத்து நோயைப் பரப்பும் பூச்சி இந்த இலையிலும் வாழ்வதால்தான் அமெரிக்காவும் பிரிட்டனும் பச்சைக் கறிவேப்பிலையைப் பயணப்பையில் கொண்டுவர விடுவதில்லை. தயவுசெய்து ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள்.) அந்தப் பைகளும் மெழுகு பூசிய தடித்த தோலும் இருப்பதால், உறைந்த இலை மடிக்காமல் கசக்காமல் இருக்கும் வரை வாசனையைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்கிறது. அந்த வாசனைக்கு முக்கிய காரணம் பினைலெதேன்தயோல் என்ற கந்தகச் சேர்மம் என்று ஜெர்மனியில் கண்டுபிடித்து வெளியிட்டது 2015-இல்தான். ஆனால் அப்பிளைக் காற்றின் கலவையை மாற்றிச் சேமிக்கும் ஆய்வை கிட், வெஸ்ட் என்ற இருவர் 1920களிலேயே கேம்பிரிட்ஜில் நடத்திக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாளிக்கும் நமக்கு நம் இலையைப் பற்றிய அடிப்படைச் செய்தி வெளியே இருந்து, அதுவும் நேற்று வந்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்துக்குப் பணம் ஒதுக்கினால் செய்திருக்கக்கூடிய வேலை இது, எனக்கு உண்மையில் மனவருத்தம்தான்.

அவளுக்கு எழுதி அனுப்பிய முறை இதுதான். கொத்தை ஈர்க்கோடு கழுவி உதறி, பருத்தித் துவாயில் பரப்பி, மின்விசிறியின் கீழ் இரண்டு மணித்தியாலம் விடவும். விரலால் தடவினால் ஈரம் தெரியக் கூடாது. இலையின் மேல் நிற்கும் ஒவ்வொரு துளியும் பனியாகி இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும், பிறகு கட்டியை உடைக்கும்போது இலையும் உடையும். ஈர்க்கிலிருந்து உருவி, சிப் வைத்த பொலித்தீன் பையில் ஒரு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃபிரீசரில் படுக்கையாக வைக்கவும். மெல்லிய படை விரைவாக உறையும், பளிங்கும் சிறிதாகும். இப்படி வைத்தால் மூன்று நான்கு மாதம் தாராளமாகப் பாவிக்கலாம். பைக்குள் வெண்பனித் தூள் சேர்ந்தால், அது இலையிலிருந்து வெளியேறிய நீர்தான், காற்று மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு இலையை முறித்து மோந்து பாருங்கள், வாசம் இல்லையென்றால் அந்தப் பையால் பயன் இல்லை.

கொத்தமல்லி வேறு சாதி. இலை மெல்லியது, நீர் மிகுந்தது, அதைப் பச்சையாகத் தூவித்தான் சாப்பிடுகிறோம். கிழிந்த சவ்வோடு அது உருகினால் நிமிர்ந்து நிற்க ஒன்றும் மிச்சமில்லை. தூவுவதற்கென்றால் உறைய வைக்க வேண்டாம். தண்டின் அடியை ஒரு சென்ரிமீற்றர் வெட்டி, இரண்டு விரல் தண்ணீர் உள்ள கிளாசில் பூச்சாடிபோல நிறுத்தி, மேலே பொலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து பிரிஜ்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றினால் இரண்டு கிழமை வரை நிற்கும். அப்பிள், தக்காளிக்குப் பக்கத்தில் வேண்டாம், அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். பின்சுவரில் முட்டினால் அங்கேயே உறைந்து கறுக்கும்.

கொத்தமல்லி கறிக்கு மட்டும் என்றால் அரைத்து உறைய வைக்கலாம். இரண்டு கைப்பிடி இலை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், சில துளி தேசிப்புளி. அரைப்பதே சவ்வைக் கிழிக்கும் வேலைதான், ஆனால் புளி நொதியத்தைத் தளர்த்துகிறது, எண்ணெய் ஒட்சிசனைத் தடுத்து வாசனையைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. உடனே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள், வெளியே வைக்கவே வேண்டாம். எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடக்கும் பச்சை இலையில் பொட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமி வளரலாம், அதை மூக்காலும் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.

கரண்ட் போய் கறிவேப்பிலைப் பை உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள். கறுப்பதற்குள் தாச்சியில் போட்டு மொறுமொறுவென்று வறுத்து, செத்தல் மிளகாயோடு இடித்து வையுங்கள், இடியப்பத்துக்கு நன்றாக இருக்கும்.