சங்கக் கூட்டத்தில் கோரம்: கையெழுத்துகளை அல்ல, உறுப்பினர்களை எண்ண வேண்டும்

குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு நீங்கள் இப்போதுதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள் என்றால், உங்களைத் தேர்ந்தெடுத்த அந்தப் பொதுக்குழுவுக்குக் கோரம் இருந்ததா என்பதை முதலில் பாருங்கள். இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் போடும் முதல் காசோலைக் கையெழுத்தையே எவரும் எதிர்த்துக் கேட்கலாம்.

கோரம் என்பது, கூட்டம் செல்லுபடியாவதற்கு வந்திருக்க வேண்டிய உறுப்பினர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை. அரசு ஆவணங்களில் இதைக் குறைவெண் வரம்பு என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. உங்கள் சங்கத்துக்கு எத்தனை பேர் வந்தால் கோரம் என்பதைப் பதிவு செய்யப்பட்ட உங்கள் பைலாவில்தான் தேட வேண்டும்.

முதல் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. முன்னாள் செயலாளர் உங்களிடம் தரும் தட்டச்சுப் பிரதி பல நேரம் பதிவான பைலாவாக இருப்பதில்லை. இடையில் ஏதோ ஒரு கூட்டத்தில் ‘திருத்தினோம்’ என்று சொல்லி, பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்யாமலே விட்டிருப்பார்கள். பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது வாக்குரிமையோடு கூட்டத்துக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். அதன் பிறகு திருத்தம் பதிவாகவும் வேண்டும். ஆகவே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். சங்கத்தின் பதிவு எண்ணையும் ஆண்டையும் எழுதிக்கொண்டு போகாவிட்டால், ‘எண் இல்லாமல் கோப்பைத் தேட முடியாது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த எண் சங்கத்தின் பழைய ரசீதுப் புத்தகத்திலோ கடிதத்தாளிலோ அச்சாகியிருக்கும். அரை நாள் விடுப்பு எடுத்து வந்தவர்கள் இந்த ஒரு காரணத்துக்காக மூன்று முறை அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நகல் கைக்கு வந்ததும், எத்தனை பங்கு என்பதைப் பார்ப்பதற்கு முன் எதில் பங்கு என்பதைப் பாருங்கள். ‘மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு’ என்பதும் ‘வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு’ என்பதும் ஒன்றல்ல.

நான் அருகிலிருந்து பார்த்த ஓர் அடுக்ககத்தின் கணக்கைச் சொல்கிறேன். மொத்தம் 120 வீடுகள். உறுப்பினராகச் சேர்ந்திருந்தவர்கள் 104 பேர். மூன்று மாதத்துக்கு மேல் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவருக்கு வாக்குரிமை இல்லை என்று அவர்கள் பைலாவில் இருந்தது. அப்படி 14 பேர் இருந்தனர். வாக்குரிமையுள்ள 90 பேரில் மூன்றில் ஒரு பங்கு, 30 பேர், வந்திருக்க வேண்டும். (மொத்த உறுப்பினர்களில் என்று இருந்திருந்தால் 104ஐ மூன்றால் வகுக்க 34.67 வரும், பின்னத்தில் ஆள் வர முடியாது என்பதால் 35 பேர் தேவைப்பட்டிருக்கும்.) லிஃப்ட் மாற்றுவதற்காக வீட்டுக்கு 25,000 ரூபாய் வசூலிக்கும் தீர்மானம் அன்று வந்தது. வருகைப் பதிவேட்டில் 41 கையெழுத்துகள் இருந்ததால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

பிறகு ஒருவர் பதிவேட்டை எடுத்து வைத்து வரி வரியாகச் சரிபார்த்தார். நான்கு பேர் வாடகைக்கு இருப்பவர்கள். ஐந்து பேர் உரிமையாளரின் கணவர், மனைவி அல்லது மகன். அவர்கள் பெயர் உறுப்பினர் பதிவேட்டில் இல்லை. மூன்று வீடுகளில் கூட்டு உரிமையாளர் இருவருமே கையெழுத்திட்டிருந்தார்கள், ஆனால் வீட்டுக்கு ஒரு வாக்குதான். இவற்றைக் கழித்தால் 29 பேர். அந்த 29 பேரில் இருவர் பாக்கி வைத்திருந்ததால் வாக்குரிமை இல்லாதவர்கள். மிச்சம் 27. மூன்று பேர் குறைந்ததால் தீர்மானம் நிற்கவில்லை. பணத்தை முதலில் கட்டிய ஓய்வூதியர்கள் பல மாதம் காத்திருந்தார்கள். கட்டாதவர்களை யாராலும் கேட்க முடியவில்லை.

‘என் கணவர் எனக்குப் பதிலாக வந்தாரே’ என்று அந்த வீட்டுப் பெண்மணி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் பதிலாள் வரலாம் என்று பைலாவில் எழுதியிருந்தால் மட்டுமே அவர் கணக்கில் வருவார், அதுவும் பைலா கேட்கும் அதிகாரக் கடிதத்தைக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்திருந்தால்தான். பைலா அதைப் பற்றிப் பேசவில்லை என்றால் பதிலாளுக்கு இடமில்லை என்றே கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் வாட்ஸ்அப்பில் ‘சம்மதம்’ என்று அனுப்புவதும் வருகை ஆகாது.

அடுத்து, ஒத்திவைப்பு. கோரம் இல்லாவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்திவிடலாம் என்று எல்லா அடுக்ககங்களிலும் நம்புகிறார்கள். உங்கள் பைலா அப்படிச் சொன்னால் மட்டுமே அது சரி. சில பைலாக்கள் அதே நாள் அரை மணி கழித்து என்கின்றன. சில அடுத்த வாரம் அதே கிழமை என்கின்றன. ஒத்திவைத்த கூட்டத்துக்கும் கோரம் வேண்டும் என்று சொல்பவையும் உண்டு. அனுமதி இருக்கும் இடத்திலும், ஒத்திவைத்த கூட்டத்தில் முதல் அறிவிப்பில் இருந்த பொருள்களை மட்டுமே எடுக்கலாம். ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் பத்துப் பேர் உட்கார்ந்து வாட்ச்மேன் ஒப்பந்தத்தை மாற்றுவதற்கு அது வழி அல்ல.

கோரம் இருப்பதாலேயே தீர்மானம் நிறைவேறிவிடாது என்பதையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். 30 பேர் வந்தால் கூட்டம் தொடங்கலாம். சாதாரணத் தீர்மானத்துக்கு அந்த 30 பேரும் வாக்களித்தால் 16 பேர் ஆதரவு வேண்டும். காலையில் கையெழுத்திட்டுச் சிற்றுண்டி முடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்களால் இங்கே வம்பு வரும். தொடக்கத்தில் இருந்தால் போதும் என்று பைலா தெளிவாகச் சொல்லாத வரை, முக்கியமான ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்னால் தலைகளை மறுபடி எண்ணிக் குறிப்பில் ஏற்றுங்கள்.

நிர்வாகக் குழுவின் கோரம் வேறு கணக்கு. ஏழு பேர் குழுவில் நால்வர் வேண்டும் என்று எண்ணாகவே எழுதியிருந்தால், இருவர் ராஜினாமா செய்த பிறகும் நால்வர்தான் வேண்டும். மிச்சமுள்ள ஐவரில் பாதியைக் கணக்கிட்டு மூன்று பேரோடு கூடக் கூடாது.

குறிப்பேட்டில் ‘உறுப்பினர்கள் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்று எழுதாதீர்கள். புதிய குழுவின் விவரத்தைப் படிவம் 7இல் தாக்கல் செய்யும்போதும், வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை மாற்றும்போதும் உங்கள் தீர்மான நகலைத்தான் பார்ப்பார்கள். எண்ணிக்கை தெளிவாக இல்லாவிட்டால் அது ஒரு வரி காரணத்தோடு திரும்பி வரும். இரு தரப்பும் தாங்கள்தான் குழு என்று வந்து நின்றால், பதிவாளர் அதைத் தீர்த்துவைக்க மாட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். அங்கே ஆண்டுகள் ஓடும்.

பழைய கூட்டத்தில் கோரம் இல்லை என்று கண்டுபிடித்தால் பதிவேட்டில் பின்தேதியிட்டுக் கையெழுத்து வாங்காதீர்கள்; குறைபாடாக இருந்தது மோசடியாகிவிடும். முறையான அறிவிப்போடு பொதுக்குழுவை மறுபடி கூட்டி, அதே பொருளைப் புதிதாக முன்வையுங்கள். உங்கள் தேர்தலே கோரமின்றி நடந்தது என்றால், அதையும் அதே அறிவிப்பில் சேருங்கள். குறிப்பேட்டின் முதல் பத்தி இப்படி இருக்கட்டும்: ‘பதிவேட்டின்படி உறுப்பினர்கள் 104, வாக்குரிமையுள்ளவர்கள் 90, பைலாவின்படி கோரம் 30, காலை 10.30 மணிக்கு வந்திருந்த வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள் 38. வருகைப் பட்டியல் வீட்டு எண்ணுடன் இணைக்கப்பட்டுள்ளது.’