காலைப் பொட்டுக்குப் போனவர்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் 1960களில் அச்சான ஆண்டு மலர் ஒன்று கைக்கு வந்தது. நாற்பது பக்கம். ஸ்கேன் செய்து, படத்திலுள்ள அச்சை வாசித்துத் தட்டச்செழுத்தாக்கித் தரும் எழுத்துணரிக்குக் கொடுத்தேன். ஓசிஆர் என்று சொன்னால் பலருக்கும் விளங்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படியொரு வரி வந்தது: "ஆறு மணிக்கே காலைப் பொட்டுக்கு வந்து நிற்பார்கள்."

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "பெரட்டுக்கு யாரு தம்பி பொட்டு வச்சிக்கிட்டுப் போனது?"

பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். மலையகத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். அது ஏன் பொட்டானது என்று பார்த்தால், தமிழ் எழுத்துணரியின் பாதிச் சங்கடம் விளங்கிவிடும்.

அச்சில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையைப் பாருங்கள். முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ப, பிறகு ஒரு செங்குத்துக் கோடு, பிறகு ட்டு. அந்தக் கோடு ரகரமா, காலா? பழைய ஈய அச்சுகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் வால் அவற்றில் இருக்காது. ரகரம் என்று எடுத்தால் பெரட்டு, கால் என்று எடுத்தால் பொட்டு. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விடை கிடைக்காது, ஏனென்றால் விடை படத்தில் இல்லை.

நான் பயன்படுத்தியது டெசராக்ட். 2005இல் திறமூலமாக வெளிவந்த இலவச மென்பொருள். அதன் நான்காம் பதிப்பிலிருந்து நரம்பு வலைப்பின்னல் ஒன்று வரி முழுவதையும் ஒரு பட்டையாக எடுத்து இடமிருந்து வலமாக வாசிக்கிறது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து அதிகம் வரும் என்பதும் பயிற்சியிலேயே அதற்குள் படிந்துவிடும். கோட்டைப் பார்த்துத் தடுமாறும்போது அடிக்கடி பார்த்த பக்கம் சாய்கிறது. பொட்டு அது பார்த்த சொல். பெரட்டை எங்கே பார்த்திருக்கப் போகிறது?

கட்டளை இவ்வளவுதான்:

```
tesseract p12.png p12 -l tam --psm 6 -c thresholding_method=2 tsv
```

கடைசியில் உள்ள `tsv`, ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு நம்பிக்கை என்று நூற்றுக்கு ஓர் எண்ணைத் தரும். எண் குறைந்த சொற்களை மட்டும் சரிபார்த்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பொட்டுக்குத் தொண்ணூறுக்கு மேல் போட்டிருந்தது! வடிவம் அச்சொட்டாகப் பொருந்துகிறது, அது ஏன் சந்தேகப்பட வேண்டும்?

`thresholding_method=2` நம் ஊருக்கு முக்கியம். மலைநாட்டு ஈரத்தில் காகிதம் பழுத்து, பூஞ்சைப் புள்ளி விழுந்திருக்கும். பக்கம் முழுவதற்கும் ஒரே வெளிச்ச அளவை வைத்துக் கறுப்பு வெள்ளை பிரித்தால், பழுப்பேறிய மூலை முழுக்கக் கறுத்துவிடும். இந்த முறை, ஒவ்வோர் இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள நிறத்தை வைத்து எல்லையைக் கணிக்கிறது. அப்படியும் பூஞ்சைப் புள்ளி மிஞ்சும். அது எழுத்தின் தலைக்கு மேல் உட்கார்ந்தால் க, க் ஆகிவிடும். அதற்குப் பயந்து சிறு பொட்டுகளை எல்லாம் துடைக்கப் போனால் உண்மையான மெய்ப்புள்ளிகளும் சேர்ந்து போய்விடும். 0.4 மில்லிமீற்றர் அகலமுள்ள புள்ளி 300 டிபிஐயில் ஐந்து பிக்சல்கூட வராது. 150இல் அதில் பாதிதான். அதனால் 300க்குக் குறைத்து ஸ்கேன் செய்வதில்லை, துடைப்பதிலும் மூன்று பிக்சலுக்கு மேல் கைவைப்பதில்லை.

சரி, ரகரத்துக்கு வருவோம். இந்தக் குழப்பத்தில் ஒரு பங்கை அகராதி இல்லாமலே தீர்க்கலாம். தமிழில் காலுக்குப் பின் புள்ளியோ, இ, ஈ விசிறியோ வரவே வராது. எழுத்துணரி "அவர்" என்பதற்கு அ, வ, கால், புள்ளி என்று கொடுத்தால் அந்தக் கால் ரகரமாகத்தான் இருக்க வேண்டும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் கொடுமை. தேடும்போதுதான் அகப்படாது. இணையத்தில் இந்தப் பிழை எவ்வளவு கிடக்கிறது தெரியுமா?

ஆனால் இதிலும் நான் ஒருமுறை கோட்டை விட்டேன். "பெரிய துரை" என்பதில் எழுத்துணரி ப, கொம்பு, கால், இ விசிறி, ய என்று கொடுத்திருந்தது. யுனிகோடில் கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் ஒகரக் குறியாக ஒட்டவைக்கும் ஓர் ஒழுங்குமுறை உண்டு, அதற்கு என்எஃப்சி என்று பெயர். ஒழுங்காகச் செய்கிறேன் என்று அதை முதலில் ஓட்டிவிட்டேன். கால் ஒகரத்துக்குள் ஒளிந்துகொண்டது, என் விதிக்கு அது தென்படவே இல்லை. பெரிய துரைமார் எல்லோரும் அப்படியே பிழையோடு நின்றார்கள். முதலில் பிரித்து, திருத்தி, பிறகு ஒட்ட வேண்டும்:

```python
import re, unicodedata as u
s = u.normalize("NFD", s)
s = re.sub("\u0BBE(?=[\u0BBF\u0BC0\u0BCD])", "\u0BB0", s)
s = u.normalize("NFC", s)
```

`0BBE` கால், `0BB0` ரகரம், மற்ற மூன்றும் இ, ஈ விசிறிகளும் புள்ளியும்.

விதிக்குள் அகப்படாததற்கு அகராதி. "மாம்" என்று வந்தால் அப்படியொரு சொல் பட்டியலில் இல்லை. காலை ரகரமாக்கினால் "மரம்" இருக்கிறது, மாற்றிவிடலாம். ஆனால் இரண்டுமே சொல்லாக இருந்தால்? கரடி, காடி. பரதம், பாதம். பெரட்டு, பொட்டு. இங்கே அகராதி கையை விரித்துவிடும்.

பெரட்டில் இன்னொரு வினை. சில பக்கங்களில் எழுத்துணரி அதைச் சரியாகவே வாசித்திருந்தது. பொதுவான தமிழ்ச் சொற்பட்டியலில் அது இல்லாததால், பிழைதிருத்தி ஒரே ஓர் உயிர்க்குறியை மாற்றி "புரட்டு" ஆக்கிவிட்டது. தொழிலாளர் காலையில் புரட்டுக்குப் போனார்கள் என்று வாசித்தபோது, சங்கத்துக்காரர் கேட்டால் என்ன சொல்வாரோ என்று தோன்றியது. சரியாக இருந்ததைக் கெடுத்த திருத்தம் இது. எழுத்துணரியின் பிழையைவிட இதைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன், ஏனென்றால் சுத்தமான தமிழாக வந்து நிற்கும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

அதனால் முதல் ஐந்து பக்கத்தைக் கையாலேயே திருத்தினேன். அதிலிருந்து நம் சொற்களைப் பட்டியல் போட்டேன்: பெரட்டு, லயம், கங்காணி, கவ்வாத்து, கொழுந்து, செக்ரோல், பேர்க்காசு. தமிழில் பெரட்டுக்கு, பெரட்டில், பெரட்டுக்களம் என்று வால் நீளும் என்பதால், சொல்லின் தொடக்கம் பொருந்தினாலே ஏற்கும்படி வைத்தேன். அப்புறம் பக்கத்துச் சொல்லைப் பார்க்கும் விதி: பொட்டு என்று வந்து, முன்னால் காலை என்றோ பின்னால் களம் என்றோ இருந்தால் பெரட்டு. நெற்றி, குங்குமம் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடு. இரண்டும் இல்லாவிட்டால் மஞ்சள் அடித்து மனிதரிடம் அனுப்பு.

பழைய லைகாரத்தின் துதிக்கை வடிவம் தனிக்கதை. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்தும் முன் அச்சான பெரும்பாலானவற்றில் அதுதான். இந்த மலரில் எழுத்துணரி அதை லே என்று வாசித்து, மலையை மலே என்றும் வேலையை வேலே என்றும் தந்தது. மலே என்பதை மாற்றிவிடலாம். வேலே என்பதோ முருகன் பாட்டில் வந்தால் சரியான சொல். மலரின் கடைசியில் தோட்டத்துக் கோயில் பாட்டு மூன்று பக்கம் இருந்தது, அங்கே இந்த விதியை நிறுத்தி வைத்தேன்.

சந்தா கொடுத்தவர்களின் பேர்ப்பட்டியலிலும் அகராதியை ஓட்டவில்லை. பேருக்கு அகராதி கிடையாது. ஒவ்வொரு பேரின் படத்துண்டையும் எழுத்தின் பக்கத்திலேயே ஒட்டி, அச்செடுத்து, கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு பென்சில் கேட்டார்.